பலகைப் படத்தில் கிடைத்த இரண்டு சராசரிகள்: உங்கள் அனுபவம் என்ன?

செல்வி (ஜூரோங்): எங்கள் லாரிகள் இரவில் ஜூரோங்கிலிருந்து சாங்கிக்குப் போக எடுத்த நேரத்தை மேலாளர் வெள்ளைப் பலகையில் எழுதியிருந்தார். பலகையை அழித்த பிறகு எனக்குக் கிடைத்தது வாட்ஸ்அப் படம் மட்டும். ஏ.ஒய்.இ. வழி: 32 இரவுகள், சராசரி 35.0 நிமிடம், பக்கத்தில் 3.2. பி.ஐ.இ. வழி: 8 இரவுகள், சராசரி 42.5, பக்கத்தில் 9.6. தலைப்பு வரிசை விளக்கொளியில் வெளுத்துவிட்டதால், 3.2 என்பது திட்ட விலக்கமா திட்டப் பிழையா என்று தெரியவில்லை. “பி.ஐ.இ. மெதுவான வழி என்று அறிக்கையில் போட்டுவிடுங்கள்” என்கிறார் மேலாளர்.

முதல் சிக்கலைப் படத்தின் ஓரமே தீர்த்தது. ஏ.ஒய்.இ.க்குக் குறைந்தது 29, அதிகம் 41 என்று எழுதியிருந்தது. பாதி இரவுகள் 29, மீதி 41 என்று வைத்தாலும் திட்ட விலக்கம் 6.1ஐத் தாண்டாது. 3.2 திட்டப் பிழையாக இருந்தால் √32ஆல் பெருக்க 18 வரும். அதற்கு வழியே இல்லை. ஆகவே அது திட்ட விலக்கம்தான். 9.6உம் அதே பத்தியில் இருப்பதால் அதையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். இனி இரண்டு சராசரிகளின் வித்தியாசத்துக்கு 95% நம்பக இடைவெளியை எப்படிப் போடுவது?

இளங்கோ: இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? இரண்டு பரவலையும் சேர்த்து ஒரே திட்ட விலக்கமாக்குங்கள். 5.03 வரும், கட்டின்மைப் பாகை 38. வித்தியாசம் 7.5, 95% இடைவெளி 3.5 முதல் 11.5 வரை. பூஜ்யம் உள்ளே இல்லை, மேலாளர் சொல்வது சரி. சந்தேகம் இருந்தால் முதலில் எஃப் சோதனை செய்து, பரவல்கள் சமமா என்று பார்த்துக்கொள்ளலாம்.

ராகவன்: இளங்கோ அண்ணா, கணக்குப் பிழையில்லை, ஆனால் இந்தத் தரவுக்கு அது பொருந்தாது. சேர்க்கும்போது 32 இரவுகளின் அமைதியான பரவல், 8 இரவுகளின் தாறுமாறான பரவலை அமுக்கிவிடுகிறது. பரவல் பெரிதாக இருக்கும் பக்கமே எண்ணிக்கையில் சிறிதாக இருந்தால், இடைவெளி பொய்யாகக் குறுகும். நேர்மாறாக இருந்தால் வீணாக அகலும்.

தனித்தனியே பாருங்கள்: 9.6²/8 = 11.52. 3.2²/32 = 0.32. நிச்சயமின்மை கிட்டத்தட்ட முழுதும் அந்த எட்டு இரவுகளிலிருந்தே வருகிறது. அதனால்தான் பரவல்களைச் சேர்க்காமல் தனித்தனியே வைத்துக் கணக்கிடும் வெல்ச் முறையில் கட்டின்மைப் பாகை 38 இல்லை, 7.39. R மொழியில் இப்படிப் போடலாம்:

```
v1 <- 9.6^2/8; v2 <- 3.2^2/32
df <- (v1+v2)^2 / (v1^2/7 + v2^2/31)
7.5 + c(-1,1)*qt(0.975, df)*sqrt(v1+v2)
```

விடை −0.55 முதல் 15.55 வரை. பூஜ்யம் உள்ளே வந்துவிட்டது. எஃப் சோதனை செய்து பிறகு முடிவெடுப்பதும் வேண்டாம். எட்டுப் பதிவுகளை வைத்து அது பல சமயம் வேறுபாட்டைக் கண்டுபிடிக்காது; கண்டுபிடிக்கவில்லை என்பதையே நாம் ‘சமம்’ என்று படித்துவிடுவோம்.

செல்வி (ஜூரோங்): எக்செல்லில் எனக்கு −0.64 முதல் 15.64 வருகிறதே, ராகவன் சார்?

ராகவன்: T.INV.2T பின்னத்தை வெட்டி 7 என்று எடுத்துக்கொள்ளும். கொஞ்சம் அகலமாகும், கெடுதல் இல்லை.

நூர்ஜஹான் (டியூஷன்): என் மாணவர்களிடம் இருக்கும் TI-84இல் 2-SampTInt எடுத்து, Stats தேர்ந்து, Pooled என்ற இடத்தில் No கொடுத்தால் போதும். அது பின்னத்தோடு கணக்கிடும். எனக்கு வேறொரு கவலை: படத்தைப் பெரிதாக்கினால் 9.6இன் ஆறு சரியாகத் தெரிகிறதா, செல்வி? மார்க்கர் மங்கினால் பூஜ்யமும் ஆறும் ஒன்றுபோலத்தான் இருக்கும். 9.0 என்று வைத்துப் போட்டேன், −0.05 முதல் 15.05 வந்தது.

மாலதி (தாதி): எனக்கும் இதேபோல ஒரு படம் வந்தது. 20 நோயாளிகளின் ரத்தச் சர்க்கரை, உணவுத் திட்டத்துக்கு முன்னும் பின்னும். இரண்டு சராசரி, இரண்டு திட்ட விலக்கம். நானும் வெல்ச் முறையே போட்டுவிடலாமா?

ராகவன்: வேண்டாம், அக்கா. ஒரே ஆட்களை இருமுறை அளந்தது அது. ஒவ்வொருவருக்கும் வித்தியாசம் எடுத்து, அந்த வித்தியாசங்களின் திட்ட விலக்கம் வேண்டும். அதை இந்த நான்கு எண்களிலிருந்து பெற முடியாது. முன்–பின் அளவுகளின் ஒட்டுறவாவது தெரிய வேண்டும். மூலத்தாளைக் கேளுங்கள்.

இளங்கோ: ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. 7.5 நிமிடம் கண்முன்னே இருக்கிறது. பூஜ்யம் விளிம்பில்தான் உட்கார்ந்திருக்கிறது. பி.ஐ.இ. மெதுவில்லை என்று யார் சொல்வது?

ராகவன்: நானும் சொல்லவில்லையே. பதினைந்து நிமிடம் மெதுவாகவும் இருக்கலாம், வித்தியாசமே இல்லாமலும் இருக்கலாம் என்றுதான் இடைவெளி சொல்கிறது. எட்டில் ஒரே இரவு விபத்தில் மாட்டியிருந்தால் 9.6 முழுதும் அதனால் வந்ததாகக்கூட இருக்கலாம். அப்படியானால் டி அட்டவணையையே அவ்வளவாக நம்ப முடியாது.

செல்வி (ஜூரோங்): பி.ஐ.இ. வரிசையின் குறைந்ததும் அதிகமும் படத்தின் விளிம்பில் வெட்டுப்பட்டிருக்கின்றன. ஓட்டுநர்களின் பதிவுப் புத்தகத்தைக் கேட்டிருக்கிறேன். அதுவரை அறிக்கையில் இடைவெளியை மட்டும் போட்டு, ‘மெதுவான வழி’ என்ற வரியை எடுத்துவிட்டேன். மேலாளர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.