பூட்டிய பிறகும் திறந்து கிடந்த F12

ஆய்வக உதவியாளர்
எங்கள் கல்லூரியில் 30 கணினிகள். நிறுவல் முடிந்த அன்றே பயாஸ் அமைப்புகளை வேறு யாரும் மாற்றாதபடி Supervisor Password போட்டு, தொடக்க வரிசையில் வன்தட்டை முதலிடத்துக்கு ஏற்றி, பென் டிரைவைக் கீழே தள்ளிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். செய்முறைத் தேர்வுக்கு முந்தைய நாள் 17ஆம் கணினியில் ஒரு மாணவன் உட்கார்ந்திருந்தான். திரையில் எங்கள் விண்டோஸ் இல்லை. லினக்ஸ் ஓடிக்கொண்டிருந்தது, நடுவில் ஆசிரியரின் கோப்புறை திறந்து கிடந்தது. கடவுச்சொல்லை அவன் தொடவே இல்லை. கணினியைப் போட்டதும் F12 தட்டி, வந்த பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்திருக்கிறான். வரிசையைப் பூட்டினால் அந்தப் பட்டியலும் பூட்டிக்கொள்ளும் என்று நம்பியிருந்தேன். F12 Boot Menu என்ற வரியைத் தனியாக Disabled ஆக்க வேண்டியிருந்தது. அந்தக் கோப்புறைதான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

கிளை நூலகம்
User Password-ஐயும் சேர்த்துப் போட்டிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. கணினியைப் போட்டவுடனேயே கேட்கும். நாங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

பழுதுபார்ப்பவன்
நூலகத்தாரே, தினமும் நூறு பேர் உட்காரும் இடத்தில் அந்தச் சொல்லை எத்தனை நாள் காப்பீர்கள்? காலையில் நீங்களே எல்லாவற்றையும் திறந்து வைப்பதானால் சரி. ஆனால் யாராவது மறுதொடக்கம் செய்தால் மறுபடி உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

ஆய்வகத்தாருக்கு ஒன்று. பல மேசைக் கணினிகளில் தாய்ப்பலகையிலுள்ள ஜம்பர் என்ற சிறு இணைப்பியை மாற்றினாலோ, CR2032 பேட்டரியைச் சற்று நேரம் கழற்றி வைத்தாலோ கடவுச்சொல்லே போய்விடும். பெட்டிக்குப் பூட்டு இல்லாவிட்டால் பயாஸ் பூட்டு அரைப் பூட்டுதான். மாதம் ஒருமுறை ஒவ்வொன்றிலும் பயாஸுக்குள் நுழைந்து பாருங்கள். கேட்காமல் உள்ளே விட்டால் யாரோ கை வைத்திருக்கிறார்கள், அல்லது பேட்டரி தீர்ந்திருக்கிறது. தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருப்பதும் அதே அடையாளம். அப்போது F12 வரியும் பழைய நிலைக்கே திரும்பியிருக்கும். ஆசிரியரின் கோப்புகள் இருக்கும் வட்டை பிட்லாக்கரால் மறையாக்கம் செய்யுங்கள். லினக்ஸில் திறந்தாலும் சாவி இல்லாமல் படிக்க முடியாது.

பழைய மடிக்கணினி
நான் வாங்கிய மடிக்கணினியிலும் இதே Supervisor Password கேட்கிறது. விற்றவருக்கு நினைவில்லை. பேட்டரியைக் கழற்றி ஒரு இரவு வைத்துப் பார்த்தேன், போகவில்லை. என்ன செய்வது?

பழுதுபார்ப்பவன்
மடிக்கணினி வேறு கதை. சிலவற்றில் கடவுச்சொல் தனிச் சில்லில் இருக்கும். மின்சாரம் போனாலும் அழியாது. வாங்கிய ரசீதுடன் தயாரிப்பாளரின் சேவை மையத்துக்குப் போங்கள். சில மாதிரிகளுக்குப் பலகையையே மாற்ற வேண்டும் என்பார்கள்.

ஆய்வக உதவியாளர்
இன்று 30 பெட்டிகளையும் பார்த்தேன். நான்கில் பக்கவாட்டுத் திருகே இல்லை. அந்த நான்கில் ஒன்று கடவுச்சொல் கேட்கவில்லை. தேதி சரியாகவே இருக்கிறது. வலை வழியாக விண்டோஸ் தேதியைத் திருத்திக்கொண்டதா, அல்லது நான்தான் அன்று அதற்குப் போட மறந்தேனா, தெரியவில்லை.