காணொளியில் உயரம் காண்பது: அளவீடா, கணிப்பா?

ஸ்கோரர்:
நண்பர்களுக்கு வணக்கம். காணொளியில் தெரியும் ஒரு ஆளின் உயரத்தை, கூடவே தெரியும் அளவு தெரிந்த பொருளை வைத்துச் சொல்கிறோமே, அதற்குத் தமிழில் பெயர் வேண்டும். அந்தப் பொருளை வரைவில் 'மேற்கோள் பொருள்' என்று போட்டேன், ஒட்டவில்லை. ஸ்டம்ப் தரைக்கு மேல் 28 அங்குலம், அதாவது 71.1 செ.மீ. படத்தில் ஸ்டம்ப் 80 பிக்சல், நேராக நிற்கும் பேட்டர் 200 பிக்சல் என்றால் அவர் 178 செ.மீ. நேர் விகிதம்தானே, 'விகித அளவீடு' போதுமா?

தூரிகை:
மேற்கோள் வேண்டாம், அது நூலுக்கு. ஒப்பிட வைத்திருப்பதால் 'ஒப்புப்பொருள்' என்போம். 'விகிதம்' பாதிதான் சரி. ஸ்டம்பும் ஆளும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால் மட்டுமே அது செல்லும். பேட்டர் நிற்கும் கிரீஸ் ஸ்டம்புக்கு 4 அடி முன்னால் இருக்கிறது. கேமரா பந்துவீச்சாளர் பக்க ஸ்டம்புக்கு 5 மீட்டர் பின்னால் என்றால், எதிர் ஸ்டம்ப் ஏறத்தாழ 25 மீட்டர் தூரம், பேட்டர் 24 மீட்டர் தூரம். அருகில் நிற்பதால் 5 சதவீதம் பெரிதாகத் தெரிகிறார். உங்கள் 178-இல் 9 செ.மீ. வெறும் தோற்றம்.

இந்தத் தூரம் தெரியாமலும் கணக்குப் போடலாம். ஆடுகளத்தின் இரு பக்க விளிம்புகளையும் படத்தில் நீட்டுங்கள். அவை சந்திக்கும் இடம் மறைபுள்ளி. கேமரா சாயாமல் இருந்தால் அதன் வழியே போகும் கிடைக்கோடுதான் ஓவிய வகுப்பில் சொல்லும் கண்மட்டம். சமதரையில் எது நின்றாலும், கேமராவின் உயரம் எவ்வளவோ அந்த இடத்தில் இக்கோடு அதை வெட்டும்.

உங்கள் படத்தில் கண்மட்டம் மேலிருந்து 531-ஆவது வரிசை, ஸ்டம்பின் அடி 700, பேட்டரின் பாதம் 709 என்று வையுங்கள்.

```
ஸ்டம்ப்:   80 / (700 - 531) = 0.473
பேட்டர்: 200 / (709 - 531) = 1.124
உயரம்:   71.1 × 1.124 / 0.473 = 169 செ.மீ.
```

ஸ்கோரர்:
அட, கேமராவின் உயரமும் கூடவே வருகிறதே! 71.1-ஐ 0.473-ஆல் வகுத்தால் ஒன்றரை மீட்டர். எங்கள் முக்காலியும் அந்த உயரம்தான். ஆனால் மறைபுள்ளியைக் குத்துமதிப்பாகத்தானே வைக்க முடிகிறது, அதில் பிசகினால்?

தூரிகை:
இந்தப் படத்தில் பயமில்லை. கண்மட்டம் 10 வரிசை தவறினாலும் விடை ஒரு செ.மீ.கூட மாறாது, ஏனென்றால் ஸ்டம்பும் ஆளும் கிட்டத்தட்ட ஒரே தூரத்தில் இருக்கிறார்கள். ஸ்டம்பை 80-க்குப் பதில் 79 என்று எண்ணினால்தான் 2 செ.மீ. போகும். ஒப்புப்பொருள் சிறிதாக இருந்தால் அதன் பிசகு பெருகி ஆள் தலையில் ஏறும். ஹெல்மெட்டையும் காலணியையும் கழிக்க மறக்காதீர்கள்.

கடைக்காரன்:
பெயர் விவாதத்துக்குள் என் பாடு, மன்னிக்கவும். கடைக் கேமராவில் ஒருத்தன் பணத்தோடு நடந்து போவது பதிவாகியிருக்கிறது. கதவு 210 செ.மீ. இதே கணக்கைப் போட்டால் காவல் நிலையத்தில் கொடுக்கலாமா? உயரம் சொல்லும் போன் ஆப் ஒன்றில் போட்டுப் பார்த்தேன், எண் எதுவும் வரவில்லை.

தூரிகை:
அண்ணே, அந்த ஆப் எதிரில் நிற்கும் ஆளை போன் கேமராவால் நேரடியாக அளப்பது, பழைய காணொளிக்கு உதவாது. இந்தக் கணக்கும் அப்படியே பொருந்தாது. உங்கள் கேமரா மேலிருந்து கீழே சாய்ந்து பார்க்கிறது, அதனால் நட்டமான கோடுகளும் ஒன்றையொன்று நோக்கிச் சாயும். அகல லென்ஸ் வேறு. கதவு நிலையின் ஓரத்தில் ஒரு நேர்கோட்டை வைத்துப் பாருங்கள், நடுவில் வில்லாக விலகினால் முதலில் அந்த வளைவை நேராக்க வேண்டும்.

கேமரா அசையாமல் அப்படியே இருந்தால் வேறு வழி உண்டு. அவன் கால் பதித்த அதே இடத்தில் செ.மீ. குறித்த கம்பை நட்டமாக நிறுத்தி, அதே கேமராவில் பதிவு செய்து, பழைய படத்தின்மேல் ஏற்றிப் பாருங்கள். லென்ஸின் வளைவு இரண்டிலும் ஒன்றுதான். நடப்பவனின் தலை ஏறி இறங்கும், இரு காலும் தரையில் விரிந்திருக்கும்போது தாழ்ந்திருக்கும். ஒரு காலில் நிமிர்ந்து நிற்கும் சட்டகத்தை எடுங்கள். அப்போதும் ஒரே எண்ணாகச் சொல்லாமல், இத்தனை முதல் இத்தனை வரை என்றே கொடுங்கள்.

நிலாமுற்றம்:
அப்படியென்றால் 'அளவீடு' தவறு. நாடா பிடித்ததுபோல் இருக்கிறது. 'ஒப்புப்பொருள் வழி உயரக் கணிப்பு' என்று வைக்கலாம்.

ஸ்கோரர்:
'கணிப்பு' என்றால் ஜாதகமும் தேர்தலும்தான் நினைவுக்கு வரும், ஐயா. 'மதிப்பீடு'?

நிலாமுற்றம்:
அது வீட்டுமனை விலைக்கு. நான் கணிப்பிலேயே நிற்கிறேன்.

தூரிகை:
ஒப்புப்பொருள், மறைபுள்ளி, கண்மட்டக் கோடு மூன்றையும் பட்டியலில் ஏற்றிவிடலாம். மறைபுள்ளிக்குக் 'குவிபுள்ளி' என்று மட்டும் யாரும் மாற்ற வேண்டாம், லென்ஸின் குவியத்தோடு குழம்பும். முறையின் பெயர் இன்னும் திறந்தே இருக்கட்டும்.

கடைக்காரன்:
கம்பில் 5 செ.மீ.க்கு ஒரு கோடு போதுமா, ஒன்றுக்கு ஒன்று போடவா?