சேலையை வாங்கிவிட்டு "நான் வாங்கவே இல்லை" என்று சார்ஜ்பேக்: என்ன ஆதாரம் அனுப்புவது?

மலர்விழி:
வணக்கம். சொந்த இணையதளத்தில் பட்டுச் சேலை விற்கிறோம். நியூ ஜெர்சியில் இருக்கும் ஒரு வாடிக்கையாளர் ஆகஸ்ட் 3 அன்று விசா கார்டில் 18,400 ரூபாய்க்கு ஒரு சேலை எடுத்தார். வெளிநாட்டு கார்டு என்பதால் ஓடிபி எதுவும் கேட்கவில்லை. 11ஆம் தேதி டெலிவரி ஆகிவிட்டது. செப்டம்பர் 19 அன்று, வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்கும் சார்ஜ்பேக் வந்தது, காரணம் 10.4 என்று போட்டிருக்கிறது. இவர் இதற்கு முன் எங்களிடம் மூன்று முறை வாங்கியவர், முகவரியும் அதேதான். எப்படிப் பதில் எழுதுவது? மனசே ஆறவில்லை.

கணேஷ்:
கவலைப்படாதீங்க அக்கா. டெலிவரி ரசீதும் வாசலில் எடுத்த போட்டோவும் அனுப்பினால் போதும். எனக்குப் போன வருடம் அப்படித்தான் பணம் திரும்பி வந்தது.

ராஜாராம்:
கணேஷ் தம்பிக்கு வந்தது 13.1 ஆக இருந்திருக்கும், "பொருள் வந்து சேரவில்லை" என்ற வகை. அதற்கு டெலிவரி ஆதாரம்தான் சரியான பதில். 10.4 வேறு. "கார்டை நான் பயன்படுத்தவில்லை, யாரோ திருடிவிட்டார்கள்" என்கிறார். பொருள் போய்ச் சேர்ந்ததை மட்டும் காட்டினால், கேட்காத கேள்விக்குப் பதில் சொன்ன மாதிரி ஆகிவிடும். வாங்கியது அவர்தான் என்று காட்ட வேண்டும்.

திருடிய கார்டு என்றால் வழக்கமாக ஆர்டரிலேயே தெரியும். புது மின்னஞ்சல், வேறு முகவரி, அதற்கு முன் இரண்டு மூன்று கார்டு போட்டுத் தோற்றிருப்பார்கள். உங்கள் ஆர்டரில் அப்படி ஏதாவது உண்டா? டெலிவரிக்குப் பிறகு அவர் கணக்கில் என்ன நடந்தது என்பதையும் பாருங்கள்.

மலர்விழி:
ஒரே கார்டு, முதல் தடவையிலேயே போயிருக்கிறது. ஆர்டர் குறிப்பில் பிளவுஸ் அளவு எழுதியிருக்கிறார்: முன்கழுத்து 7 அங்குலம், கை 10½. ஜனவரி ஆர்டரிலும் அதே அளவுதான். டெலிவரிக்குப் பிறகு என்று கேட்டதும் தேடிப் பார்த்தேன் சார். ஆகஸ்ட் 24 அன்று அதே கணக்கில் உள்ளே வந்து, பார்டர் நிறம் பிடிக்கவில்லை, திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருக்கிறார். ஏழு நாள் கெடு முடிந்துவிட்டதால் தங்கை மறுத்துவிட்டாள். எனக்கு இது தெரியவே தெரியாது.

ராஜாராம்:
அதுதான் முக்கியமான தடயம். கார்டைத் திருடியவன் பார்டர் நிறம் பிடிக்கவில்லை என்று ரிட்டர்ன் கேட்க மாட்டான். அந்த உரையாடலைத் தேதியோடு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து முதல் பக்கமாக வையுங்கள்.

அப்புறம், 2023 ஏப்ரலில் விசா கொண்டுவந்த விதி ஒன்று 10.4க்கு மட்டும் உதவும். அதே கார்டில், டிஸ்ப்யூட் தேதிக்கு, அதாவது சார்ஜ்பேக் வந்த நாளுக்கு, 120 முதல் 365 நாள் முன்பு நடந்த, புகார் வராத இரண்டு ஆர்டர்கள் வேண்டும். கணக்கு, டெலிவரி முகவரி, ஐபி, சாதன அடையாளம் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு விவரங்கள், அந்த இரண்டு ஆர்டர்களிலும் இப்போதைய ஆர்டரிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த இரண்டு விவரங்களில் ஒன்று ஐபியாகவோ சாதனமாகவோ இருந்தே ஆக வேண்டும். பொருந்திவிட்டால் பொறுப்பு கார்டு கொடுத்த வங்கிக்குப் போய்விடும். பழைய ஆர்டர் தேதிகளைச் சொல்லுங்கள்.

மலர்விழி:
போன அக்டோபர் 24, இந்த ஜனவரி 9, மே 30. மூன்றும் அதே கார்டு.

ராஜாராம்:
மே 30 சேராது, 112 நாள்தான் ஆகிறது. மற்ற இரண்டும் சரி. ஐபி எப்படி?

மலர்விழி:
அக்டோபரும் ஆகஸ்டும் ஒரே ஐபி. ஜனவரி மட்டும் வேறு, மொபைலில் போட்டிருப்பார் போல.

ராஜாராம்:
அப்படியென்றால் ஐபி கைகொடுக்காது. சாதன அடையாளத்தை உங்கள் தளம் சேமிக்காவிட்டாலும் கார்டு பணத்தை வாங்கித் தரும் கேட்வே நிறுவனம் வைத்திருக்கலாம், இன்றே எழுதிக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் மற்றதையெல்லாம் சாதாரண ஆதாரமாக அனுப்பலாம். ஆனால் முடிவு வங்கியின் கையில்.

சுபா:
எங்களுக்கும் இதே தொல்லைதான். கேஷ் ஆன் டெலிவரியில் ஆர்டர் போட்டுவிட்டு வாசலில் வாங்க மறுக்கிறார்கள். போக வர கூரியர் செலவு நம் தலையில். இந்த விதி அதற்கும் பொருந்துமா?

ராஜாராம்:
இல்லைம்மா, அதில் கார்டே இல்லையே. தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன்.

ஜெயந்தி:
ஒரு சந்தேகம். கார்டு பில்லில் உங்கள் கடைப் பெயர் வருகிறதா, கம்பெனிப் பெயரா? எங்களுக்கு ஒரு டிஸ்ப்யூட் வந்தது. மனைவி வாங்கியிருக்கிறார், பில்லில் தெரியாத பெயரைப் பார்த்த கணவர் வங்கிக்குப் போன் போட்டுவிட்டார். பொய் சொல்ல நினைத்தவர் அல்ல. நாங்கள் வாட்ஸ்அப்பில் கேட்டதும் அவரே வாபஸ் வாங்கினார்.

மலர்விழி:
கம்பெனிப் பெயர்தான் வருகிறது, அப்பா பெயரில் பதிவு செய்தது! அந்தப் பெயரை யாருக்கும் தெரியாது. பணத்தை நாங்களே திருப்பித் தந்துவிடலாமா?

ராஜாராம்:
டிஸ்ப்யூட் ஓடும்போது தனியாக ரீஃபண்ட் போடாதீர்கள், பணம் இரண்டு முறை போய்விடும். பணிவாக ஒரு செய்தி அனுப்புங்கள். வாபஸ் வாங்குகிறேன் என்றால் எழுத்தில் வாங்கி, கெடுவுக்குள் ஆதாரத்தோடு சேர்த்து அனுப்பிவிடுங்கள். வாய்ப்பேச்சை நம்பிக் கெடுவைத் தவறவிட வேண்டாம்.

மலர்விழி:
செய்தி அனுப்பிவிட்டேன். இரண்டு நீல டிக் வந்திருக்கிறது, பதில் இல்லை. கேட்வேயில் சாதன விவரம் தர மூன்று நாள் ஆகும் என்கிறார்கள். எனக்குக் கெடு வெள்ளிக்கிழமை.