ஒரே பையில் மூன்று ‘ஓலால்’: மருந்துப் பெயரின் வாலைப் பார்த்துப் பிடித்ததும் தவறவிட்டதும்

மருந்துக்கடை, பாலக்கோடு

பெரியவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். கூட வந்த மகன், "எந்திரிச்சா தலை சுத்துதுங்கறாரு, நல்ல சத்து டானிக்கா ஒண்ணு குடுங்கண்ணா" என்றார். டானிக்கை எடுக்காமல், மஞ்சள் பையில் இருந்ததைக் கவுன்டரில் கொட்டச் சொன்னேன். அரசு ஆஸ்பத்திரி அட்டையில் அட்டெனோலால் 50. தனியார் டாக்டர் எழுதியது கம்பெனிப் பெயரில் இருந்தது. அட்டையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால் மெட்டோப்ரோலால் 50. இரண்டையும் காலையில் ஒன்றாகப் போட்டுக்கொண்டிருக்கிறார். மெஷினில் துடிப்பு 46.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். "கண்ணுக்கு விடறது மாத்திரையில சேராதுல்ல?" என்றபடி பெரியவர் வேட்டி மடிப்பிலிருந்து ஒரு குப்பியை எடுத்து வைத்தார். கண் அழுத்தத்துக்கான டிமோலால் 0.5 சதவீதம், இரண்டு கண்ணுக்கும் காலை மாலை ஒவ்வொரு சொட்டு. மூன்று இடத்தில் மூன்று சீட்டு, மூன்றிலும் துடிப்பைக் குறைக்கும் ‘ஓலால்’ என்ற ஒரே வால். எழுதிய மூவரும் மற்ற இரண்டைப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை.

மூன்று பெயரையும் அளவோடு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, துடிப்பையும் குறித்து, அன்றைக்கே டாக்டரிடம் அனுப்பினேன். மெட்டோப்ரோலாலை மட்டும் வைத்துக்கொண்டு அட்டெனோலாலை எடுத்துவிட்டார்கள். கண் டாக்டர் டிமோலாலுக்குப் பதில் லட்டனோப்ரோஸ்ட் மாற்றினார். அடுத்த முறை வந்தபோது துடிப்பு 62. அந்தக் குப்பியை அவர் எடுக்காமலே போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்ற நினைப்புதான் இன்னும் போகவில்லை.

டி.பார்ம் இரண்டாம் வருஷம், ஊத்தங்கரை

சூப்பர் அண்ணா. வைவாவுக்கு நாங்களும் இப்படித்தான் படிக்கிறோம். கடைசியில் ‘ஆல்’ என்று காதில் விழுந்தால் துடிப்பைக் குறைக்கும், ‘ப்ரில்’ வந்தால் பிரஷர் மாத்திரை, வறட்டு இருமலை வரவைக்கும், ‘ஸ்டாட்டின்’ வந்தால் கொழுப்பைக் குறைக்கும். ஒரு வகுப்பே ஒரு வரியில் முடிந்துவிடும். கண்ணில் விடும் சொட்டு ரத்தத்தில் கலக்குமா? அதுதான் நம்ப முடியவில்லை.

ஓய்வுபெற்ற மருந்தாளுநர், தருமபுரி

தம்பி, வாலை இவ்வளவு குட்டையாக வெட்டாதே. பாராசிட்டமால்கூட ‘ஆல்’தான், ட்ரமடாலும் ‘ஆல்’தான். சால்புட்டமாலும் ஃபார்மோடெராலும் அப்படியே முடிகின்றன. ஆனால் அவை மூச்சிரைப்புக்காரர் உறிஞ்சுவது, துடிப்பைக் கூட்டும், ‘ஓலால்’ செய்வதற்கு நேர் எதிர். இன்ஹேலர் வைத்திருப்பவருக்கு ப்ரோப்ரனோலால் போனால் மூச்சுக்குழல் சுருங்கும், உறிஞ்சும் மருந்தும் சரியாக வேலை செய்யாது. உன் ஒரு வரி விதியில் இரண்டும் ஒரே பக்கம் நிற்கின்றன. ‘ஓலால்’ என்று முழுசாகப் பிடி. அதிலும் ஸ்டனோசோலால் என்று தசை ஏற்றும் ஸ்டீராய்டு ஒன்று நுழைந்திருக்கிறது, அது இந்தக் கூட்டமே கிடையாது.

ஸ்டாட்டினும் அதே கதைதான். கொழுப்பு மாத்திரையின் வால் ‘வாஸ்டாட்டின்’: ஆட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின். நிஸ்டாட்டின் பூஞ்சைக்கானது. 1950-ல் நியூயார்க் மாநில ஆய்வகத்தில் கண்டுபிடித்ததால் மாநிலத்தின் பெயரைச் சேர்த்து வைத்தார்கள். கொழுப்புக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

இந்த வால்களை ஒழுங்குபடுத்துவது உலக சுகாதார நிறுவனம், முதல் பட்டியல் 1953-ல் வந்தது. அது மூலப்பெயருக்கு மட்டும்தான். கம்பெனி வைக்கும் பெயர் எப்படி முடிந்தாலும் அதற்கு அர்த்தம் கிடையாது, அதனால் அட்டையின் பொடி எழுத்தைப் படிக்காமல் வாலைப் பற்றிப் பேசுவதே வீண்.

கண் சொட்டைக் கேட்டாயே. கண்ணோர ஓட்டை வழியாகச் சொட்டு மூக்குக்குள் இறங்கும், அங்கே உள்தோல் அதை நேராக ரத்தத்தில் உறிஞ்சும். விழுங்கிய மாத்திரை முதலில் கல்லீரலைக் கடக்க வேண்டும், இதற்கு அந்தத் தடை கிடையாது. சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் முனையை விரலால் இரண்டு நிமிஷம் அழுத்திப் பிடித்தால் உள்ளே போவது நன்றாகக் குறையும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. கூட்டுச் சொட்டுகளில் டிமோலால் இரண்டாவது பெயராக ஒளிந்திருக்கும், அதையும் பார்.

பாலக்கோட்டுத் தம்பிக்கு ஒன்று. அட்டெனோலால் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். வயசானவருக்கு அது மந்தமாக இருந்தால் மருந்து உடம்பிலேயே தங்கும். 46-க்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

செவிலியர், கிருஷ்ணகிரி

சார், ‘ஓலால்’ என்று முழுசாகப் பிடித்தாலும் கார்வெடிலால் நழுவிவிடும். அதன் வால் ‘டிலால்’, லாபெட்டலாலுக்கு ‘அலால்’. இரண்டுமே துடிப்பைக் குறைக்கும் கூட்டம்தான். வெராபமில், டில்டியாசெம் இரண்டுக்கும் வாலே வேறு, அவையும் இதயத்தை மெதுவாக்கும். ‘ஓலால்’ போடுகிறவருக்கு அதில் ஒன்று சேர்ந்தால் வாலைப் பார்த்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது.

மறக்க முடியாதது ஒரு ‘ப்ரில்’. ஐந்து மாசக் கர்ப்பிணி, பிரஷர் கூடுதல். "மாத்திரை போடறியாம்மா?" என்றால் இல்லை என்றே சொன்னாள். கூட வந்த மாமியார்தான், "எனக்கு வர்றதுல பாதி குடுக்கறேன், ஒரே வியாதிதானே" என்று பர்ஸிலிருந்து எனலாப்ரில் 5 அட்டையை எடுத்துக் காட்டினார். ‘ப்ரில்’ என்றால் வறட்டு இருமல் மட்டுமில்லை, வயிற்றுப் பிள்ளையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், பனிக்குட நீர் வற்றும். உடனே நிறுத்தி லாபெட்டலாலுக்கு மாற்றி, ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். இருமலுக்காக ‘ப்ரில்’லை விட்டு ‘சார்டன்’ எழுதுவது வழக்கம், ஆனால் கர்ப்பிணிக்கு லோசார்டன், டெல்மிசார்டன் எதுவும் ஆகாது. இரண்டு வாலுக்கும் தடை ஒன்றே.

ஓசூர்க்காரன்

எங்கம்மாவுக்கு கேஸ் தொல்லைக்குப் பான்டப்ரசோல் ஓடுது. இப்ப இன்னொரு டாக்டர் அரிப்பிப்ரசோல் எழுதியிருக்கார். ரெண்டும் ‘ப்ரசோல்’தான, டபுளா ஆகாதா? ஒண்ணை நிறுத்திடட்டுமா?

ஓய்வுபெற்ற மருந்தாளுநர், தருமபுரி

நிறுத்த வேண்டாம் தம்பி. அதன் வால் ‘பிப்ரசோல்’, மனநல மருந்து. அம்மாவுக்கு எதற்காக எழுதினார் என்று அந்த டாக்டரையே கேட்டுக்கொள்.

செவிலியர் அம்மா சொன்ன கார்வெடிலால் சரி. ஆனால் பிள்ளைகள் முதலில் ஒரு வாலையாவது ஒழுங்காகப் பிடிக்கட்டும். எல்லா விதிவிலக்கையும் ஒரே நாளில் ஏற்றினால் ஒன்றும் நிற்காது.

செவிலியர், கிருஷ்ணகிரி

விதிவிலக்கில்தான் சார் ஆள் மாட்டுகிறார்கள்.

டி.பார்ம் இரண்டாம் வருஷம், ஊத்தங்கரை

‘ஆல்’ விதியை நோட்டில் அடித்துவிட்டேன் சார். ஒரு சந்தேகம். இரண்டு ‘ஓலால்’ இருப்பதைக் கவுன்டரில் பார்த்தால் ஒன்றை அப்போதே நிறுத்தச் சொல்லலாமா?

மருந்துக்கடை, பாலக்கோடு

நாமாக நிறுத்தக் கூடாதுப்பா. நெஞ்சுவலிக்காரர் பயந்துபோய் இரண்டையும் ஒரே நாளில் விட்டால் துடிப்பு எகிறி, மாரடைப்பு வரை போகலாம். எதை எடுப்பது, எத்தனை நாளில் குறைப்பது என்பதை டாக்டர் சொல்லட்டும். சர்க்கரை மாத்திரையும் போடுகிறவரா என்று கேட்டுக்கொள். சர்க்கரை இறங்கினால் வரும் படபடப்பை ‘ஓலால்’ மறைத்துவிடும், வியர்வை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும்.

ஓய்வுபெற்ற மருந்தாளுநர், தருமபுரி

அதெல்லாம் சரி. துடிப்பு 46, மயக்கமும் இருக்கிறது, அன்று ஞாயிற்றுக்கிழமை, கிளினிக் மூடியிருக்கிறது என்று வை. சீட்டு எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவாயா?

மருந்துக்கடை, பாலக்கோடு

வீட்டுக்கு எப்படிண்ணா, நேரா 108-தான். மயக்கம் இல்லாமல் 52, 54 என்று இருந்தால்தான் குழப்பம். அன்றைய இரண்டாவது மாத்திரையை மட்டும் தள்ளிவைக்கச் சொல்வேன் என்கிறார் பக்கத்துக் கடைக்காரர். எனக்கு அந்தத் தைரியம் இல்லை.