பெருநாள் சாமான்: "2 வாங்கினால் 1 இலவசம்" போட்டால் புரிகிறதா, "3 சேர்த்து இவ்வளவு" போட்டால் புரிகிறதா?

கீழக்கரை மளிகை

நோன்புப் பெருநாளுக்கு முந்தின வாரம் கடை வாசலில் "சேமியா 2 வாங்கினால் 1 இலவசம்" என்று எழுதி வைத்தேன். பாக்கெட் 30 ரூபாய். எழுதும்போது இதில் குழம்ப என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். கல்லாவில் நின்றால்தான் தெரியும். ஒருவர் இரண்டு பாக்கெட்டோடு வந்து 30 ரூபாயை நீட்டுகிறார், இரண்டில் ஒன்று இலவசமாம். இன்னொருவர் ஒரு சேமியா, ஒரு ரவை எடுத்துக்கொண்டு, "இரண்டு ஆச்சே, மூன்றாவது எங்கே?" என்கிறார். ஒன்றும் கேட்காமல் இரண்டுக்கு 60 கொடுத்துவிட்டுப் போகிறவர்கள்தான் நிறையப் பேர். கூட்டத்தில் அவர்களைக் கூப்பிட்டு மூன்றாவதைக் கொடுக்க ஆள் இல்லை.

இரண்டாம் நாள் "சேமியா 3 பாக்கெட் 60 ரூபாய்" என்று மாற்றினேன். அந்தக் கேள்விகள் நின்றன, புதிதாக ஒன்று முளைத்தது: "அப்போ ஒன்று 20தானே காக்கா?" கணக்குப்படி அவர்கள் கேட்பது நியாயம்தான். அப்புறம் கீழே "ஒன்று மட்டும் 30" என்று சேர்த்த பிறகுதான் ஓய்ந்தது. உங்கள் பக்கம் எப்படி?

பாம்பன் அக்கா

எனக்கு விலை போட்டிருந்தால்தான் வசதி. மீன்பிடித் தடைக் காலத்தில் சாமான் வாங்கப் போனால் கையில் உள்ள பணத்தை எண்ணிக்கொண்டுதான் கடைக்குள் நுழைவோம். இலவசம் என்ற பலகையைப் பார்த்தால் முதலில் ஒரு பாக்கெட் என்ன விலை என்று தேட வேண்டும், அது சின்ன எழுத்தில் எங்கேயோ இருக்கும். இன்னொன்று, இலவசம் என்றாலே நான் காலாவதித் தேதியைத்தான் பார்ப்பேன். 3 பாக்கெட் 60 என்றால் அந்தச் சந்தேகம் அவ்வளவாக வருவதில்லை, ஏன் என்று தெரியவில்லை.

தொண்டி வியாபாரி

இலவசம் என்ற சொல் இல்லாவிட்டால் பண்டிகைக் கூட்டம் திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால் பாக்கெட் விலையை 45 ஆக்கி, இரண்டுக்கு ஒன்று இலவசம் என்று போடுங்கள். நமக்கும் நட்டம் இல்லை.

ராம்நாடு பில்லிங்

தொண்டி அண்ணே, கூட்டம் திரும்பும் என்பது சரி. ஆனால் பாக்கெட்டில் அச்சிட்ட எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு ரூபாய்கூட விற்கக் கூடாது. அச்சிட்டது 30 என்றால் 45 எப்படி வரும்?

நான் பில் போடும் இடத்தில் கண்டது வேறு. இலவசத் திட்டத்தைச் சிஸ்டத்தில் ஏற்றினால் மூன்றையும் ஸ்கேன் செய்தால்தான் கழிவு விழும். பில்லில் 30, 30, 0 என்று வரும். மறுநாள் ஒரு பாக்கெட்டில் வண்டு என்று திருப்பிக் கொண்டு வருவார்கள். எந்த வரியில் உள்ள பாக்கெட் அது? நாங்கள் பூஜ்ஜியம் என்போம், அவர் 30 என்பார். மூன்று 60 என்று ஏற்றினால் பில்லில் பாக்கெட்டுக்கு 20 ரூபாய் என்று விழும், சண்டை இல்லை. மூன்றையும் முன்கூட்டியே டேப் போட்டுக் கட்டி வைத்தால் இன்னும் நல்லது. இரண்டோடு யாரும் கல்லாவுக்கு வர முடியாது.

மண்டபம் தம்பி

எங்கள் ரேஷன் கடையில் பொங்கல் தொகுப்புக்கு ஒரு கரும்புதான் தந்தார்கள். இரண்டு கார்டுக்கு மூன்று கரும்பு கிடைக்குமா?

ராம்நாடு பில்லிங்

கார்டுக்கு ஒன்றுதான் தம்பி. இங்கே பேச்சு மளிகைக் கடைப் பலகை பற்றி.

பெரியபட்டினம் லாத்தா

சேமியா மூன்று பாக்கெட் தீர்ந்துவிடும். நெய் பாட்டில் மூன்று யாருக்கு? எனக்குப் பிடிக்காதது "பெருநாள் பை 499" என்ற பலகைதான். விலை தெளிவாகத்தான் இருக்கிறது, உள்ளே என்ன என்பதுதான் தெரியாது. போன தடவை வாங்கிய பையில் நெய் 200 மில்லி என்று நினைத்தேன், பிரித்தால் 100. பலகையில் "நெய், முந்திரி, கிஸ்மிஸ்" என்று பெயர் மட்டும்தான் இருந்தது.

கீழக்கரை மளிகை

லாத்தா சொல்வது சரி. பைக்கு எடையையும், தனித்தனியாக வாங்கினால் ஆகும் மொத்தத்தையும் எழுதினால் பலகை நிரம்பிவிடுகிறது, நின்று படிக்க ஆள் இல்லை. பையின் மேலேயே சீட்டு ஒட்டலாமா என்று யோசிக்கிறேன்.

ராம்நாடு பில்லிங்

ஒட்டுங்கள் காக்கா. ஆனால் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பல சாமானைச் சேர்த்து ஒரே விலை போட்டால் ஜி.எஸ்.டி.யில் அது கலப்பு விற்பனை ஆகிவிடும். உள்ளே இருப்பதில் எதற்கு வரி அதிகமோ அந்த வீதம் பை முழுவதற்கும் விழும். ஒரே சேமியா மூன்று என்றால் இந்தத் தொல்லை இல்லை. "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்பதைக்கூட வரித் துறையினர் இலவசமாக எடுத்துக்கொள்வதில்லை, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விலை வாங்கியதாகத்தான் 2019 மார்ச் சுற்றறிக்கை சொல்கிறது.

தொண்டி வியாபாரி

சரி, 45 வேண்டாம். "3 பாக்கெட் 60, ஒன்று இலவசம்" என்று இரண்டையும் சேர்த்து எழுதினால்?

பாம்பன் அக்கா

அப்போ நான் நான்கு பாக்கெட் எடுத்துக்கொண்டு வருவேன் அண்ணே.