பொருள்: ‘டிகிரி-டே’ என்பதற்குத் தமிழ்ச்சொல்

மாறன் எழுதியது:

பூச்சி எப்போது வெளிவரும் என்று கணிக்கும் பக்கம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ‘டிகிரி-டே’ வருகிற இடமெல்லாம் ‘வெப்பநாள்’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

செல்வராணி எழுதியது:

நல்ல சொல். நானும் கணக்கு வைத்திருக்கிறேன். 35 டிகிரிக்கு மேல் போன நாள்களை மட்டும் குறித்துக்கொண்டே வந்தேன், ஆனால் பூச்சி வருகைக்கும் அந்த எண்ணிக்கைக்கும் பொருத்தமே இல்லை. எத்தனை வெப்பநாள் கடந்தால் பூச்சி வரும்?

தாமரை எழுதியது:

மாறன், உங்கள் சொல்லின் சிக்கலை செல்வராணியின் கேள்வியே காட்டிவிட்டது. வெப்பநாள் என்றால் யாருக்கும் வெயில் கொளுத்திய நாள்தான் தோன்றும். இங்கே நாம் நாள்களை எண்ணவில்லை. பூச்சி வளரத் தொடங்கும் வெப்பநிலைக்கு மேலே எவ்வளவு, எவ்வளவு நேரம் என்ற பெருக்கலைக் கூட்டிக்கொண்டே போகிறோம்.

ஆப்பிளைத் துளைக்கும் காட்லிங் அந்துப்பூச்சிக்கு அந்தக் கீழ்வரம்பு 10 டிகிரி செல்சியஸ். ஒரு நாள் உச்சம் 24, தாழ்வு 12 என்றால் சராசரி 18, அன்றைய கணக்கில் 8 சேரும். இனக்கவர்ச்சிப் பொறியில் அந்துப்பூச்சிகள் தொடர்ந்து விழத் தொடங்கும் நாளிலிருந்து கூட்டினால், பாரன்ஹீட் கணக்கில் 250 வரும்போது முட்டை பொரியத் தொடங்கும். மருந்தடிப்பவர்கள் காத்திருப்பது அதற்குத்தான், புழு காய்க்குள் போய்விட்டால் மருந்து எட்டாது.

என் ஓட்டு ‘பாகைநாள்’. ஆள்நாள் என்று கூலிக்கணக்கில் சொல்கிறோமே, அதே அமைப்பு.

மாறன் எழுதியது:

பாகை என்றதும் எனக்குக் கோணமானிதான் ஞாபகம் வருகிறது. போகட்டும். 250 பாரன்ஹீட்டை செல்சியஸாக்கினால் 121 வருகிறது, பக்கத்தில் அதையே போட்டுவிடுகிறேன்.

தாமரை எழுதியது:

போடாதீர்கள்! 32-ஐக் கழித்திருக்கிறீர்கள். இது ஒரு வெப்பநிலை அல்ல, வெப்பநிலை வேறுபாடுகளின் கூட்டல். வேறுபாட்டில் 32 ஏற்கெனவே அடிபட்டுப் போய்விடும், 1.8-ஆல் வகுத்தால் போதும்: 139. நாளுக்கு 9 சேரும் பருவத்தில் 121-ஐ நம்பினால் இரண்டு நாள் முந்திவிடுவீர்கள்.

கதிர் எழுதியது:

சராசரி எடுப்பது எளிதுதான், ஆனால் குளிர்காலம் முடிந்து சூடேறும் பருவத்தில் அது ஏமாற்றும். ஐந்து நாள் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள் (உச்சம்/தாழ்வு):

```
22/8   16/2   24/12   18/4   26/12
```

சராசரி முறையில் 5, 0, 8, 1, 9, ஆக 23. இரண்டாம் நாள் சராசரி 9 என்பதால் சுழியம் போட்டோம். ஆனால் அன்று பிற்பகல் 16 வரை ஏறியதே! அந்தச் சில மணி நேரம் பூச்சி வளர்ந்துதான் இருக்கும். வெப்பநிலை நாள் முழுவதும் சைன் வளைவுபோல ஏறி இறங்குவதாக வைத்து, 10-க்கு மேலுள்ள பரப்பை மட்டும் எடுத்தால் அந்த நாளுக்கு 1.75 வருகிறது. முதல் நாளுக்கு 5.3, நான்காம் நாளுக்கு 2.75, மற்ற இரண்டு நாளுக்கும் மாற்றமில்லை. மொத்தம் கிட்டத்தட்ட 27.

இதைவிட மோசம், ஐந்து நாளுக்கும் சேர்த்து ஒரே சராசரி எடுப்பது. 14.4-இல் 10 போக 4.4, ஐந்தால் பெருக்கினால் 22. குளிர்ந்த நாளின் ‘கழித்தல் 1’ மற்ற நாள்களின் சேமிப்பைத் தின்றுவிடுகிறது. பூச்சி பின்னோக்கி வளராது.

ஒரு எச்சரிக்கை: 139 எந்த முறையில் கண்டுபிடிக்கப்பட்டதோ அதே முறையில்தான் நீங்களும் கூட்ட வேண்டும்.

செல்வராணி எழுதியது:

அப்போ நான் எண்ணியது வேறு எதையோ! ஆனால் என் இடத்தில் தாழ்வே 26, உச்சம் 36. தினமும் 21 சேருமா?

கதிர் எழுதியது:

காட்லிங் பூச்சியாக இருந்தால் சேராது. அதற்கு 31.1 டிகிரி மேல்வரம்பு உண்டு, அதைத் தாண்டிய சூடு வளர்ச்சியை மேலும் வேகப்படுத்தாது. உச்சத்தை 31.1 என்று வெட்டிவிட்டால் சுமார் 18.5. உங்கள் பூச்சிக்கு வரம்புகள் வேறாக இருக்கும், அவை தெரியாமல் கணக்குப் போடாதீர்கள். அப்புறம், ஆண்டு முழுவதும் சூடான இடத்தில் முட்டையும் புழுவும் அந்துப்பூச்சியும் ஒரே நேரத்தில் இருக்கும். எந்த நாளிலிருந்து கூட்டுவது என்பதே அங்கே சிக்கல்.

தாமரை எழுதியது:

அலகுக்குப் பாகைநாள், கூட்டுத்தொகைக்கு ‘வெப்பத்திரட்டு’ என்று பிரித்துவிடலாம். “வெப்பத்திரட்டு 139 பாகைநாளை எட்டியது” என்றால் குழப்பமில்லை.

மாறன் எழுதியது:

வெப்பத்திரட்டு பிடித்திருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன். அலகுக்கு ‘செல்சியஸ்நாள்’ என்றால் என்ன? 250-உம் 139-உம் கலந்துபோகாதே.

கதிர் எழுதியது:

அப்படியானால் பாரன்ஹீட்நாள் என்றும் ஒன்று வேண்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை, தாமரை ஒப்புக்கொள்ள மாட்டார். கூட்டத் தொடங்கும் அந்த முதல் நாளுக்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லையே?