அக்காளின் படத்தில் அட்டிகை: நிழல் போட்டால் தோலைத் தொட்டதாகுமா?

ஜெலுத்தோங் தம்பி:
அக்காளின் திருமணத்தன்று காலை ஒன்பதரை மணிக்கு, மண்டபத்துக்கு வெளியே மரத்தடியில் எடுத்த படம் இது. இருப்பதிலேயே நல்ல படமும் இதுதான். ஆனால் நகைப்பெட்டி அப்போது வந்து சேரவில்லை; கழுத்தும் காதும் வெறுமையாக இருக்கின்றன. பாட்டியின் கல் அட்டிகையையும் ஜிமிக்கியையும் இதில் சேர்க்க வேண்டும். ரவிக்கையின் கழுத்து, தோல், முடி மூன்றிலும் கை வைக்கக்கூடாது. ஒரு கடையில் கொடுத்துப் பார்த்தேன். முகத்தை மெழுகுபோல் வழித்து, காதோர முடியைச் செதுக்கி, ரவிக்கையின் கழுத்தை இரண்டு விரல் மேலே ஏற்றித் தந்தார்கள். பாட்டி பார்த்துவிட்டு, "இது யார் வீட்டுப் பெண்?" என்று கேட்டார். அக்காள் இப்போது மெல்போர்னில் இருக்கிறாள். நகைகள் பாட்டியிடம் இருக்கின்றன. எனக்குப் போட்டோஷாப் ஓரளவு தெரியும். நானே செய்வதென்றால் எப்படித் தொடங்குவது?

செந்தூல்காரன்:
அரை மணி நேர வேலை. நகைக்கடைப் பட்டியலில் அதே மாதிரி அட்டிகை வெள்ளைப் பின்னணியில் கிடைக்கும். வெட்டி எடுத்துத் தனி அடுக்கில் வை, Warp கொண்டு கழுத்துக்கு ஏற்றபடி வளை, Drop Shadow போடு, முடிந்தது. பாட்டியின் நகையேதான் வேண்டுமென்றால் அக்காளை எடுத்த அதே லென்ஸில் அதை எடு. லென்ஸ் ஒன்றாக இருந்தால் கோணமும் ஒத்துப்போகும்.

இருட்டறை:
தம்பி, தனி அடுக்கு என்பது வரை செந்தூல்காரர் சொன்னது சரி. மற்றதைச் செய்தால் இன்னொரு கடைப் படம்தான் உனக்குக் கிடைக்கும்.

தங்கம் கண்ணாடியைப் போன்றது. சுற்றிலும் இருப்பதைத்தான் அது காட்டும். வெள்ளைத்தாளில் வைத்து எடுத்த அட்டிகையின் ஒவ்வொரு மணியிலும் வெள்ளைத்தாள் தெரியும். உன் அக்காளின் கழுத்தில் கிடந்திருந்தால் அதே மணியின் அடிப்பக்கத்தில் மாநிறத் தோலும், கீழ் விளிம்பில் புடவையின் அரக்குச் சிவப்பும் தெரிந்திருக்கும். வெட்டி ஒட்டிய நகை ஒட்டியதாகவே தெரிவதற்கு முதல் காரணம் இதுதான். ஆகவே நிறமும் கழுத்தளவும் அக்காளைப் போல இருக்கும் ஓர் உறவுக்காரப் பெண்ணுக்கு நகையை அணிவித்து, அதே நிறப் புடவை உடுத்தி, அதே நேரத்தில் மரத்தடியில் நிறுத்தி எடு. அக்காளின் கண்மணியில் வெளிச்சப் புள்ளி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார். உன் படத்தில் அது இடப்பக்கம் மேலே இருக்கிறது. அந்தப் பெண்ணின் கண்ணிலும் அங்கேயே விழும்வரை அவளைத் திருப்பு.

லென்ஸ் விஷயம் பாதி உண்மை. கோணத்தைத் தீர்மானிப்பது கேமரா நின்ற தூரமும் உயரமும்தான். அதே லென்ஸை வைத்துக்கொண்டு ஓரடி முன்னால் போனாலும் அட்டிகையின் நடுப்பதக்கம் பெருத்து, பக்கங்கள் பின்னால் ஓடிவிடும்.

அளவுக்கு ஒரு வழி சொல்கிறேன். அந்த ரவிக்கை வீட்டில் இருக்கிறதா?

ஜெலுத்தோங் தம்பி:
இருக்கிறது ஐயா, பாட்டியின் அலமாரியில்.

இருட்டறை:
அப்படியானால் கவலை இல்லை. கழுத்துப் பட்டியின் அகலத்தை நாடாவால் அள. உதாரணமாக 18 செ.மீ. என்று வைத்துக்கொள். படத்தில் அதே அகலம் 1,080 பிக்சல் வந்தால், ஒரு செ.மீ.க்கு 60 பிக்சல். அட்டிகை அணிந்த நிலையில் முன்பக்கம் 13 செ.மீ. தெரிந்தால் அதை 780 பிக்சலுக்குக் கொண்டு வா. அணிந்த நிலையில்தான் அளக்க வேண்டும். மேசையில் விரித்து அளந்தால் கூடுதலாக வரும். கண்ணளவில் வைப்பவர்கள் எல்லோரும் நகையைப் பெரிதாகத்தான் வைக்கிறார்கள். பிறகு அது ரவிக்கையில் இடிக்கும், உடனே ரவிக்கையின் கழுத்தை நகர்த்துவார்கள். உன் கடைக்காரர் செய்ததும் இதுவாகத்தான் இருக்கும்.

பிரிக்பீல்ட்ஸ் அக்கா:
எல்லாம் சரி, ஒன்று கேட்கிறேன். தோலில் கை வைக்கக்கூடாது என்பதுதானே தம்பியின் நிபந்தனை? அட்டிகைக்கு நிழல் போட்டால் கழுத்துத் தோல் கறுக்கும். அது தோலை மாற்றுவது இல்லையா? இதைத் தெளிவுபடுத்தாமல் வேலையைத் தொடங்குவது முறையல்ல. நான் ஏழு ஆண்டுகளாகத் திருமண ஆல்பம் வடிவமைக்கிறேன். "நிழல்தானே" என்று தொடங்கியவர்கள் பிறகு சுருக்கத்தை எடுப்பார்கள், அடுத்து மச்சத்தை எடுப்பார்கள்.

செந்தூல்காரன்:
நிழல் இல்லாத நகை அந்தரத்தில் மிதக்கும், அக்கா. பாட்டி இன்னொரு கேள்வி கேட்பார்.

இருட்டறை:
அக்கா கேட்டது நியாயமான கேள்வி. என் கணக்கு இது: நிழல் நகையின் உடைமை. நகையைக் கழற்றினால் நிழலும் கூடவே போக வேண்டும், கீழே தோல் பழையபடியே இருக்க வேண்டும். அதனால் நிழலை மூலப்படத்தில் பூசக்கூடாது, தனி அடுக்கில் Multiply முறையில் வைக்க வேண்டும். Drop Shadow இங்கே உதவாது. சுவரில் மாட்டிய தட்டுக்கு விழுவதைப்போல எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் அது நிழல் தரும். கழுத்து சுவர் அல்லவே. சங்கிலி தோலில் படியும் இடத்தில் நிழல் மயிரிழை அளவுதான் இருக்கும். பதக்கம் கழுத்துக்குழியின் மேல் தூக்கி நிற்கும் இடத்தில் அகலமாகவும் மங்கலாகவும் இருக்கும். நிழலின் நிறமும் கறுப்பு அல்ல. தாடைக்குக் கீழே ஏற்கெனவே விழுந்திருக்கும் நிழலிலிருந்து அந்தச் செம்பழுப்பை எடு. Multiply-இல் அது இரட்டிப்பாக அடர்ந்துவிடும், ஆகவே பாதியாகக் குறை.

இன்னொன்று, தாடையின் நிழல் அட்டிகையின் மேல் விளிம்பிலும் விழ வேண்டும். அதை மறந்தால் மேல்வரிசைக் கற்கள் விளக்குப்போல மின்னும்.

தாப்பா பெரியம்மா:
புதிய ரவிக்கை தைத்து மறுபடியும் படம் எடுப்பதுதானே பிள்ளைகளே, எதற்கு இவ்வளவு பாடு? என் திருமணப் படம் கறுப்பு வெள்ளை. ஸ்டூடியோக்காரர் தூரிகையால் வண்ணம் தீட்டி, என்னிடம் இல்லாத காசுமாலையும் போட்டுவிட்டார். முகத்தில் பூசிய ரோஜா நிறம் எப்போதோ மங்கிவிட்டது. காசுமாலையின் மஞ்சள் மட்டும் இன்னும் பளிச்சென்று இருக்கிறது. பேத்திகள் அந்த மாலை எங்கே என்று கேட்கிறார்கள்.

ஜெலுத்தோங் தம்பி:
பெரியம்மா, ரவிக்கை அப்படியேதான் இருக்கிறது, அதை மாற்றப்போவதில்லை. அக்காளும் இங்கே இல்லை.

ஐயா சொன்னபடி சித்தி மகளை நிறுத்தி எடுத்தேன். அட்டிகை அப்படியே அமர்ந்துவிட்டது. ஜிமிக்கிதான் அடம்பிடிக்கிறது. அக்காள் தலையை வலப்பக்கம் சற்றுச் சாய்த்திருக்கிறாள். ஜிமிக்கியையும் அதே அளவு சாய்த்தேன். பொம்மைக்குப் போட்டதுபோல இருக்கிறது. காதின்மேல் விழும் நாலைந்து முடி இழைகளும் ஜிமிக்கிக்குப் பின்னால் போய்விட்டன.

இருட்டறை:
தலை சாயும், ஜிமிக்கி சாயாது. அது கொத்தனாரின் தூக்குக்குண்டுபோல நேராகத் தொங்கும். தோடு மட்டும் காதோடு சாயட்டும், குடையை நேராக்கு. மறுபக்கத்து ஜிமிக்கிக்கு இதையே புரட்டிப் போட்டுவிடாதே. புரட்டினால் வெளிச்சமும் புரண்டுவிடும். அந்தக் காதுக்குத் தனியாக எடுத்த படம் வேண்டும்.

முடியை வெட்டவும் வேண்டாம், வரையவும் வேண்டாம். ஜிமிக்கி அடுக்கை இரண்டுமுறை தட்டினால் Layer Style திறக்கும். அதில் Blend If என்ற இடத்தில் Underlying Layer-இன் கறுப்பு முனையை மெல்ல வலப்பக்கம் தள்ளு. கீழே இருக்கும் கறுத்த இழைகள் தங்கத்தின்மேல் தானாக எழும்பி வரும். Alt விசையைப் பிடித்துக்கொண்டு முனையைப் பிளந்தால் ஓரம் மென்மையாகும். அவை அக்காளின் முடியேதான். நீ போட்ட ஒரு கோடும் அதில் இருக்காது.

செந்தூல்காரன்:
நான் இதைச் செய்து பட்டிருக்கிறேன். காதுமடலின் மடிப்பும் கறுப்புதானே? அதுவும் ஜிமிக்கியைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். வெயில் பட்டு மின்னும் இழைகளோ வரவே வராது. Layer Mask-இல் இரண்டு பிக்சல் தூரிகையை வைத்து ஒவ்வோர் இழையாகத் திறப்பதே மேல்.

ஜெலுத்தோங் தம்பி:
செந்தூல் அண்ணன் சொன்னதுபோலவே ஜிமிக்கியில் ஓட்டை விழுந்தது. ஆனால் காதுமடிப்பு இருக்கும் இடத்தில் அல்ல, குடையின் நடுவில்!

இருட்டறை:
ஜிமிக்கிக்கு அடியில் நிழல் அடுக்கு வைத்திருக்கிறாய் அல்லவா? Blend If கீழே இருப்பதை எல்லாம் சேர்த்துத்தான் பார்க்கும். உன் நிழலையே அது முடி என்று எடுத்துக்கொண்டது. ஜிமிக்கி மறைக்கும் இடத்தில் நிழலை Mask-ஆல் மறைத்துவிடு, ஓட்டை அடைந்துவிடும். மின்னும் இழைகளுக்குச் செந்தூல்காரர் சொன்ன தூரிகைதான் வழி. அதில் எனக்கு வழக்கில்லை.

பிரிக்பீல்ட்ஸ் அக்கா:
எல்லாம் முடிந்த பிறகு, தொடவில்லை என்பதை எதை வைத்து நிரூபிப்பீர்கள்? கண்ணை நம்பச் சொல்லாதீர்கள்.

இருட்டறை:
கண்ணை நம்ப வேண்டாம். மூலப்படத்தின் நகலை எல்லா அடுக்குகளுக்கும் மேலே வைத்து Difference முறைக்கு மாற்றுங்கள். மாறாத இடம் முழுக் கறுப்பாகிவிடும். அதற்கும் மேலே ஒரு Levels அடுக்கைப் போட்டு வெள்ளை முனையை இடப்பக்கம் இழுத்தால், கண்ணுக்குத் தப்பும் மாற்றமும் பளிச்சிடும். JPEG-ஆகச் சேமிப்பதற்கு முன்பே இதைச் செய்யவேண்டும். சேமித்த பிறகு பார்த்தால் படம் முழுவதும் புள்ளி புள்ளியாக வந்து உங்களை ஏமாற்றும்.

ஜெலுத்தோங் தம்பி:
செய்து பார்த்தேன். ரவிக்கையின் கழுத்து முழுக் கறுப்பு, முகம் முழுக் கறுப்பு. அட்டிகையும் ஜிமிக்கியும் அவற்றின் நிழலும் மட்டும் தெரிந்தன. ஆனால் இடது காறை எலும்பின் மேல் சோற்றுப்பருக்கை அளவுக்கு ஒரு வெளுத்த திட்டு இருந்தது. தூரிகையோடு தெரியாமல் மூல அடுக்கில் நின்றுவிட்டேன் போலும். மூலப்படத்தைத் திரும்ப வைத்துச் சரிசெய்தேன். காது சற்று மங்கலாக இருந்ததால் ஜிமிக்கியையும் அதே அளவு மங்கலாக்கினேன்.

பிரிக்பீல்ட்ஸ் அக்கா:
நிழல் தெரிந்தது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியென்றால் அச்சில் வரும்போது அந்த இடத்தில் தோல் மாறியிருக்கிறது. அடுக்கு உங்கள் கணினியில் இருக்கும். சுவரில் மாட்டும் படத்தில் அடுக்கு ஏது?

இருட்டறை:
நகை அணிந்து நின்றிருந்தாலும் அதே நிழல்தானே விழுந்திருக்கும், அக்கா?

பிரிக்பீல்ட்ஸ் அக்கா:
அணிந்து நிற்கவில்லையே. நான் ஏற்கவில்லை. அதோடு, அவ்வளவு பெரிய ஜிமிக்கிக்கு மாட்டல் எங்கே? எடை தாங்காமல் காதுமடல் கீழே இழுபட்டிருக்க வேண்டும். படத்தில் காது அப்படியே நிற்கிறது. மாட்டல் போட்டால் முடியில் செருக வேண்டும், காதை இழுத்தால் தோல் மாறும். இப்போது என்ன செய்வீர்கள்?

செந்தூல்காரன்:
இது நல்ல கேள்வி.

ஜெலுத்தோங் தம்பி:
பாட்டியிடம் கேட்டுவிட்டேன். "அந்த ஜிமிக்கிக்கு மாட்டலே கிடையாது, உள்ளே வெறுங்கூடு, காய்ந்த பூவின் எடைகூட இருக்காது" என்றார். பிறகு படத்தைக் கண்ணருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். அட்டிகையில் இடப்பக்கம் மூன்றாவது கல் அவர் திருமணத்துக்கு முன்பே உதிர்ந்துவிட்டதாம். படத்தில் அந்தக் குழியும் இருக்கிறது என்றார்.